சாலொமோனின் மயில்: எண்ணிட்ட அகராதியை எடுத்தாளும் முறை

திருவாலங்காட்டில் மயில் என்பது புத்தகத்தில் படித்து அறியவேண்டிய பறவையன்று. அடுத்துள்ள திருத்தணிகை மலைமேல் வீற்றிருக்கும் முருகனுக்கு அது வாகனம். எங்கள் ஊர்ப் புறத்து வயல்களிலோ அறுவடைக் காலத்தில் விரட்டினாலும் போகாத விருந்தாளி. தமிழ் பேசுகிற வீட்டில் அதற்கு மயில் என்றும், நாலு வீடு தள்ளித் தெலுங்கு பேசுகிற வீட்டில் நெமலி என்றும் பெயர் வழங்குவதைக் கேட்டே இங்குள்ள குழந்தைகள் வளர்கின்றன. ஆகையால், ஓய்வுபெற்ற தமிழாசிரியரான என் நண்பர் ஒருநாள் மாலை வடாரண்யேசுவரர் கோயில் மண்டபத்தில் என்னருகே வந்தமர்ந்து மயிலைப் பற்றிக் கேள்வி கேட்டபோது, வயலைப் பற்றித்தான் பேசப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"சாலொமோன் ராஜாவின் கப்பலில் போன மயிலுக்கு எபிரேய வேதத்திலேயே தோகை என்ற நம் தமிழ்ச் சொல்தான் இருக்கிறதாமே ஐயா, மூன்று இடங்களில் வருகிறது என்று ஒரு சொற்பொழிவில் கேட்டுக் குறித்து வைத்திருக்கிறேன். எபிரேய எழுத்தில் ஒன்றுகூட அறியாத நான் அதை என் கண்ணால் பார்த்து நிச்சயப்படுத்திக்கொள்ள முடியுமா?" என்றார்.

"ஆங்கிலம் வாசிப்பீர்கள் அல்லவா, புலவரே? அது போதும். நாளை மாலை வீட்டுக்கு வாருங்கள்" என்றேன்.

மறுநாள் மாலை நாங்கள் இருவரும் செய்ததையே இந்த அத்தியாயத்தில் படிப்படியாக எழுதுகிறேன். இராஜேந்திர சோழன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடுகளின் 31 ஏடுகளையும் அச்சுப் புத்தகத்தில் படிக்கிறவர், ஐயம் வந்தவிடத்து மூல வாசகத்தைப் பார்க்க விரும்புவது இயல்பு. மொழிபெயர்ப்பில் வேதத்தைப் படிக்கிறவருக்கு அதே விருப்பம் எழும்போது, மூலமொழி அறியாமலே மூலச் சொல்லின் வாசல்வரை கொண்டு சேர்ப்பதற்கென்று ஒரு கிரந்தம் இருக்கிறது. அமெரிக்காவில் நியூஜெர்சி மாகாணத்து ட்ரூ இறையியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் ஸ்ட்ராங் என்பவர், நூற்றுக்கு மேற்பட்ட துணைவர்களின் உழைப்பைக் கொண்டு தொகுத்து 1890ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒத்துவாக்கிய அகராதியே அது. கன்கார்டன்ஸ் என்று நம் போதகர்கள் சொல்வதும் இந்த வகை நூலைத்தான்.

அந்நூலில் இரண்டு பகுதிகள் உண்டு. கனத்த முன்பகுதியில், ஆங்கில வேதத்தில் வருகிற சொற்களெல்லாம் ஆங்கில அகரவரிசையில் நின்று, ஒவ்வொரு சொல்லின் கீழும் அது வருகிற வசனங்கள் வரிவரியாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஓர் எண் இருக்கும். பின்பகுதியில் எபிரேய அகராதி ஒன்றும் கிரேக்க அகராதி ஒன்றும், சொற்களுக்கு வரிசை எண் இட்டு அமைந்திருக்கும். எபிரேயத்துக்கு 1 முதல் 8674 வரையும், கிரேக்கத்துக்கு மறுபடி 1 முதல் 5624 வரையும் எண்கள் ஓடும். முன்பகுதியின் எண்ணே பின்பகுதிக்குத் திறவுகோல். ஸ்ட்ராங் செய்த பெரிய உபகாரம் இந்த எண்தான். எழுத்துத் தெரியாதவனும் எண்ணைத் தேட முடியுமல்லவா?

முதலாவது, எந்த ஆங்கில வேதத்தை வைத்துக்கொள்வது என்பதை நிர்ணயித்துக்கொள்ளவேண்டும். ஸ்ட்ராங்கின் நூல் 1611ஆம் ஆண்டு வெளிவந்த ஜேம்ஸ் அரசர் மொழிபெயர்ப்பின் சொற்களைக் கொண்டு கட்டப்பட்டது. புலவர் கொண்டுவந்திருந்ததோ என்.ஐ.வி. என்று வழங்குகிற புதிய மொழிபெயர்ப்பு. அதில் 1 இராஜாக்கள் 10:22ஐத் திறந்தவர் திகைத்துப்போனார். ஏனென்றால் அங்கே மயிலே இல்லை, அதற்குப் பதிலாகப் 'பபூன்' என்கிற பெருங்குரங்கு நின்றது. இந்தத் திகைப்புக்கு உரிய காரணத்தைப் பிறகு பார்ப்போம். இப்போதைக்கு, கையிலுள்ள ஆங்கில வேதத்தில் காணும் சொல் ஸ்ட்ராங்கின் நூலில் அகப்படாவிட்டால், அச்சுப்பிழை என்று எண்ணாமல் பழைய மொழிபெயர்ப்பை எடுத்து, அந்த வசனத்தில் அவ்விடத்தில் நிற்கிற சொல்லைத் தேடுவதே முறை. என்.ஐ.வி.க்கு என்று பிற்காலத்தில் தனி ஒத்துவாக்கியம் செய்தவர்கள் வேறு எண் வரிசையைக் கையாண்டிருக்கிறார்கள். ஒன்றின் எண்ணைக் கொண்டு மற்றொன்றின் அகராதியைத் திறந்தால், சம்பந்தமே இல்லாத சொல்லில் போய் விழுவோம்.

பழைய மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு, முன்பகுதியில் 'பீகாக்ஸ்' என்ற தலைப்பைத் தேடினோம். ஒருமைக்கும் பன்மைக்கும் தனித்தனித் தலைப்பு என்பதால், வசனத்தில் சொல் எந்த உருவில் நிற்கிறதோ அந்த உருவிலேயே தேடவேண்டும். தலைப்பின் கீழ் மூன்றே வரிகள் இருந்தன. 1 இராஜாக்கள் 10:22, 2 நாளாகமம் 9:21, யோபு 39:13. புலவர் கேட்டுவந்த மூன்று இடங்கள் இவையே. அவர் முகம் மலர்ந்தது.

"வரிகளை விட்டுவிட்டு வலப்பக்கத்து எண்களை மட்டும் வாசியுங்கள்" என்றேன்.

"8500. 8500. மூன்றாவது... 5965." அவர் குரல் தாழ்ந்தது.

இந்தக் கலையில் பழகவேண்டிய முதற்காரியம் இதுதான். ஆங்கிலச் சொல் ஒன்றாயிருப்பதால் மூலச் சொல்லும் ஒன்றாயிருக்கும் என்று நினைத்துவிடுவது எவருக்கும் இயல்பு; எண்களின் வரிசையை மேலிருந்து கீழாக ஒருமுறை ஓட்டிப் பார்த்தாலோ, எங்கே சொல் மாறுகிறது என்பது பொருள் தெரிவதற்கு முன்னமே தெரிந்துவிடும். வரியின் கடைசியில் எண்ணே இல்லாமல் வெறுமையாக இருந்தால், அந்த ஆங்கிலச் சொல்லுக்கு நேரான மூலச் சொல் இல்லை, வாக்கியம் ஓடுவதற்காக மொழிபெயர்ப்பாளர் தாமே சேர்த்துக்கொண்டார் என்பது பொருள்.

8500 என்ற எண் எபிரேய அகராதியின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். எபிரேய நெடுங்கணக்கின் இறுதி எழுத்தான 'தௌ' என்பதில் தொடங்கும் சொல் என்று எண்ணைக் கொண்டே ஊகிக்கலாம். அந்தப் பதிவை ஆறஅமர வாசிக்கவேண்டும், ஏனென்றால் நான்கு அங்குலத்தில் அடங்கக்கூடிய அச்சில் ஆறு விதமான செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. எண்ணை அடுத்து எபிரேய எழுத்தில் சொல். அடுத்து அதன் ஒலி ஆங்கில எழுத்தில். பிறகு ஆங்கிலேயன் வாயில் எப்படி உச்சரிப்பது என்பதற்கான அசைப்பிரிப்பு. நமக்கு அது 'துக்-கீ' என்று கேட்கும். அதன்பின் சொல்லின் பிறப்பு: அநேகமாக அயல்மொழியிலிருந்து வந்தது என்கிறார் ஸ்ட்ராங். அதன்பின் பொருள்: இறக்குமதியான ஏதோ ஒரு பிராணி, அநேகமாக மயில். கடைசியாக ஒரு முக்காற்புள்ளியும் கோடும். அந்தக் கோட்டுக்குப் பின் 'பீகாக்' என்ற ஒற்றைச் சொல்.

அந்தக் கோட்டைக் கவனியுங்கள். கோட்டுக்கு முன் உள்ளது ஸ்ட்ராங் கருதிய பொருள். கோட்டுக்குப் பின் உள்ளது பொருளே அன்று, 1611இன் மொழிபெயர்ப்பாளர் அந்த மூலச் சொல்லை எந்தெந்த ஆங்கிலச் சொற்களால் பெயர்த்தார்கள் என்ற ஜாபிதா மட்டுமே. மேடைகளில் பலர், இந்த ஜாபிதாவிலுள்ள ஏழெட்டுச் சொற்களையும் அடுக்கி, மூலச் சொல்லுக்கு இத்தனை அர்த்தமும் ஒரே இடத்தில் உண்டு என்று பிரசங்கிப்பதை நான் வருத்தத்தோடு கேட்டிருக்கிறேன். 'படி' என்ற நம் சொல்லுக்கு வாசி, படிக்கட்டு, அளவு என்றெல்லாம் பொருள் உண்டு என்பதற்காக, ஒருவன் பாடம் படித்தான் என்ற வாக்கியத்தில் படிக்கட்டையும் உழக்கையும் நுழைப்போமா?

இனி மூன்றாவது எண். 5965ஐத் திறந்தால் 'அலஸ்' என்ற வினைச்சொல் நிற்கிறது. மகிழ்ந்து துள்ளுதல், களித்து அசைதல் என்று பொருள். கோட்டுக்குப் பின்னே மூன்று பெயர்ப்புகள்: முதலில் பீகாக், அதன்பின் களிகூர்தல், தன்னைத் தேற்றிக்கொள்ளுதல் என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்கள். இவற்றில் 'பீகாக்' என்பதற்கு முன்னால் மட்டும் ஒரு சிறிய பெருக்கற்குறி இருக்கிறது. கண்ணாடி இல்லாமல் பார்த்தால் அழுக்கு என்று விட்டுவிடக்கூடிய அந்தக் குறிதான் புலவரின் மூன்றாவது மயிலுக்கு முடிவு சொன்னது. மூலமொழிக்கே உரிய மரபுத்தொடர் காரணமாக, சொல்லுக்கு நேரான பொருள் அல்லாமல் வேறு வழியாக வந்த பெயர்ப்பு என்று காட்டுவதற்கே ஸ்ட்ராங் இந்தக் குறியை இடுகிறார். நூலின் முகப்பில் குறிகளுக்கு விளக்கம் உண்டு; அதைப் படியாமல் அகராதியைத் திறப்பவர், பஞ்சாங்கத்தில் திதியின் சுருக்கெழுத்தை அறியாமல் முகூர்த்தம் பார்ப்பவரைப் போன்றவர்.

ஆக, யோபு 39:13இல் எபிரேயத்தில் மயிலே இல்லை; ஏதோ ஒரு பறவையின் சிறகு களித்து அசைகிறது என்ற வினை இருக்கிறது. அப்படியானால் அந்தப் பறவை எது? அதே வசனத்தில் சிறகுக்கு அடைமொழியாக ஆங்கிலத்தில் 'குட்லி' என்று ஒரு சொல் நிற்கிறது. அழகிய என்று பொருள். அதை முன்பகுதியில் தேடினால் இவ்வசனத்துக்கு நேராக 7443 கிடைக்கிறது. 7443 என்பது 'ரெனென்'; தன் ஓலத்தால் பெயர் பெற்ற தீக்கோழி என்று பொருள் சொல்லி, பெயர்ப்பில் மறுபடியும் அதே பெருக்கற்குறியோடு 'குட்லி' என்று போட்டிருக்கிறார். பறவையை அடைமொழியாகவும் வினையைப் பறவையாகவும் பழைய மொழிபெயர்ப்பாளர் மாற்றிக்கொண்டுவிட்டார்கள் என்பது, எபிரேயம் அறியாத இரண்டு பேர் ஒரு மேசையருகே உட்கார்ந்தே கண்டுபிடிக்கக்கூடிய செய்தியாகிவிட்டது. 1885ஆம் ஆண்டின் ஆங்கிலத் திருத்த மொழிபெயர்ப்பு அவ்வசனத்தில் தீக்கோழியையே வைத்தது.

எனினும் ஒரு வசனத்தைக் கொண்டு ஒரு வினைக்குப் பொருள் நிச்சயிப்பது தகாது என்பதால், 'அலஸ்' வருகிற மற்ற இடங்களையும் பார்த்துவிடவேண்டும். இங்கேதான் ஸ்ட்ராங்கின் நூலில் சற்றுப் பிரயாசை இருக்கிறது. எண்ணைக் கொடுத்தால் வசனங்களைத் திருப்பித் தருகிற பட்டியல் அதில் கிடையாது. கோட்டுக்குப் பின் உள்ள ஆங்கிலச் சொற்கள் ஒவ்வொன்றையும் முன்பகுதியில் மறுபடி திறந்து, அவற்றின் வரிகளில் 5965 எங்கே வருகிறது என்று பொறுக்கவேண்டும். களிகூர்தலைக் குறிக்கும் 'ரிஜாய்ஸ்' என்ற தலைப்பு மிக நீளம். வசனத்தை வாசிக்காமல், ஒரு காகிதத் துண்டால் சொற்களை மறைத்து எண் பத்தியை மட்டும் விரலோட்டினால் விரைவில் முடியும். புலவர் அப்படித்தான் தேடி, யோபு 20:18ஐப் பிடித்தார். தேற்றிக்கொள்ளுதலின் கீழ் நீதிமொழிகள் 7:18 கிடைத்தது. இரண்டும் மகிழ்ச்சியைப் பற்றிய வாக்கியங்கள். ஒன்றிலும் இறகு முளைக்கவில்லை.

இதே போன்ற மயக்கம் வேறிடத்திலும் உண்டு. அதே 1 இராஜாக்கள் 10ஆம் அதிகாரத்தில், 18ஆம் வசனத்தில் ராஜா தந்தத்தால் சிங்காசனம் செய்விக்கிறான். 22ஆம் வசனத்தில் கப்பல் தந்தம் கொண்டுவருகிறது. ஆங்கிலத்தில் இரண்டும் 'ஐவரி' தான். எண்களைப் பாருங்கள்: சிங்காசனத்துக்கு 8127, கப்பல் சரக்குக்கு 8143. முன்னது 'ஷேன்', பல் என்ற சாதாரண எபிரேயச் சொல். பின்னது 'ஷென்ஹப்பீம்', பல் என்பதோடு யானையைக் குறிப்பதாகத் தோன்றும் ஓர் அயற்சொல் சேர்ந்து ஆனது என்கிறது அகராதி. வடமொழியில் யானைக்கு இபம் என்று பெயர் உண்டு என்பதை அறிந்த புலவர் துள்ளி எழுந்தார். பக்கத்திலேயே நிற்கும் குரங்குக்கு எண் 6971, 'கோஃப்'. இதையும் ஸ்ட்ராங் அயற்சொல் என்கிறார். வடமொழிக் கபியோடு அறிஞர் ஒப்பிடுவது வழக்கம். உள்ளூரில் செதுக்கிய பொருளுக்கு உள்ளூர்ச் சொல்லும், கடல் கடந்து வந்த மூட்டைக்கு அதனோடு வந்த சொல்லுமாக ஒரே அதிகாரத்துக்குள் நிற்பதை ஆங்கிலம் மறைத்துவிட்டது, எண் வெளிப்படுத்தியது.

எபிரேய எண்ணும் கிரேக்க எண்ணும் கலந்துபோவதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பழைய ஏற்பாட்டு வரிகளின் எண்கள் நேரான அச்சிலும், புதிய ஏற்பாட்டின் எண்கள் சாய்ந்த அச்சிலும் இருக்கும். 'ஆலோஸ்' என்ற வாசனைப் பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். சங்கீதம் 45:8 முதலிய பழைய ஏற்பாட்டு இடங்களுக்கு நேராக 174. யோவான் 19:39க்கு நேராகச் சாய்ந்த 250. அந்த 250ஐ மறந்தாற்போல் எபிரேய அகராதியில் திறந்தால், எஸ்ராகியன் என்ற குலப்பெயர் வந்து நிற்கும். இப்படிப் பொருந்தாத பதிவு கண்ணில் பட்டால், அகராதி மாறிவிட்டது என்று உடனே அறியலாம். கிரேக்க அகராதியில் 250ஐச் சரியாகத் திறந்தவருக்கு, அயற்சொல், எபிரேய 174ஐ ஒப்பிடுக என்ற குறிப்பு கிடைக்கும். 174இல் 'அஹால்' என்ற சொல்லும், அதுவும் அயலிலிருந்து வந்ததே என்ற செய்தியும் இருக்கும். நம் அகில் கட்டையை அறிந்தவர் அங்கே சற்று நிற்காமல் போகமாட்டார்.

இப்போது புலவரின் முதற்கேள்விக்கு வருவோம். துக்கி என்பது தோகைதானா? இங்கே எண்ணிட்ட அகராதியின் எல்லை முடிகிறது என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடவேண்டும். அயற்சொல் என்பதற்குமேல் ஸ்ட்ராங்கின் பதிவு பேசுவதில்லை. தமிழ் என்ற பெயரே அதில் கிடையாது. தோகையோடு ஒப்பிடும் வாதத்தைத் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் 1856ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே எடுத்துப் பேசியிருக்கிறார். இன்றைய வழக்கில் தோகை மயிலின் வாலையே குறித்தாலும், பழந்தமிழில் மயிலையே குறிக்கும் என்பது அவருக்குச் சாதகம். இலத்தீனில் பெயர்த்த ஜெரோமும் அவ்விடத்தில் மயில் என்றே கொண்டார்.

எதிர்ப்பக்கத்திலும் பலம் இல்லாமலில்லை. எபிரேயச் சொல்லில் ககரம் இரட்டித்து வன்மையாக ஒலிக்கிறது. தோகையில் ஒற்றைக் ககரம், அதுவும் நம் வாயில் மென்மையாகவே வருகிறது. உயிரும் ஓகாரத்துக்குப் பதில் உகரம். எகிப்திய மொழியில் குரங்கு வகையைக் குறிக்கும் ஒரு சொல்லிலிருந்து துக்கி வந்தது என்று கொள்ளும் அறிஞரும் உண்டு, என்.ஐ.வி.யில் மயில் மறைந்து பெருங்குரங்கு வந்ததற்குக் காரணம் இந்த அபிப்பிராயமே. இன்றைய இஸ்ரவேலில் பேசும் எபிரேயத்தில் துக்கி என்றால் கிளி! ஆகவே இன்றைய பேச்சைக் கொண்டும் பழைய பொருளை நிறுவ முடியாது. முழு எபிரேய வேதத்திலும் இரண்டே இரண்டு இடத்தில், அதுவும் ஒரே கப்பலின் ஒரே சரக்குப் பட்டியலை இரண்டு நூல்கள் சொல்லும்போது மட்டும் வருகிற சொல்லுக்கு, பிரயோகத்தைக் கொண்டு பொருளைச் சோதிக்க வழியில்லை. மயில் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. தோகை என்பதை நான் நம்ப விரும்புகிறேன். விரும்புவதும் நிரூபிப்பதும் ஒன்றல்ல என்பதால் மேடையில் அப்படிச் சொல்லமாட்டேன்.

இதற்குமேல் போக விரும்புவோர் பிரௌன், டிரைவர், பிரிக்ஸ் என்ற மூவர் தொகுத்த 1906ஆம் ஆண்டின் பெரிய எபிரேய அகராதியை நாடவேண்டும். அதில் சொற்கள் வேர்ச்சொல் வரிசையில் அமைந்திருப்பதால் எபிரேயம் அறியாதவருக்குத் திசை தெரியாது. ஆயினும் ஸ்ட்ராங்கின் எண்களை ஓரத்தில் சேர்த்த மறுபதிப்புகள் இருப்பதால், 8500 என்ற அதே எண்ணைப் பற்றிக்கொண்டே அங்கும் நுழையலாம். எங்கள் பக்கத்தவர் அரக்கோணம் மார்க்கத்து ரயிலேறிச் சென்னைக்குப் போய், கீழ்ப்பாக்கத்துக் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரி போன்ற இடங்களில் கேட்டுப் பார்ப்பது நலம்.

விளக்கேற்றும் நேரத்தில் புலவர் தம் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து எழுதிக்கொண்டார்: 1 இராஜாக்கள் 10:22, 2 நாளாகமம் 9:21, எண் 8500, துக்கி, அயற்சொல், அநேகமாக மயில், தோகை என்பது கால்டுவெல் காட்டும் ஒப்புமை, மறுப்பவரும் உண்டு, யோபு 39:13, எண் 5965, இதில் சேராது. பிறகு முன்பக்கத்துக்குத் திருப்பி, சொற்பொழிவில் கேட்டு எழுதியிருந்த 'மூன்று இடங்கள்' என்பதில் மூன்றை அடித்து இரண்டு என்று திருத்தினார்.